ஆயுள் பாத்தியமா, முழுப் பாத்தியமா: இரண்டு தீர்ப்புகளையும் சீனியர் கையில் கொடுப்பது எப்படி

கணவர் உயில் எழுதுகிறார். மனைவி ஆயுள் உள்ளவரை நிலத்தை அனுபவிக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அவளுக்குப் பின் நிலம் இன்னாருக்குச் சேர வேண்டும் என்கிறார். அந்த மனைவிக்குக் கிடைத்தது ஆயுள் பாத்தியம் மட்டும்தானா, அல்லது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அதை முழுப் பாத்தியமாக மாற்றிவிட்டதா? சேரன்மகாதேவியிலும் அம்பாசமுத்திரத்திலும் நஞ்சை வழக்கு நடத்தும் எந்த வக்கீலுக்கும் இந்தக் கேள்வி ஒரு முறையாவது வந்திருக்கும். உச்ச நீதிமன்றம் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. இரண்டு பதிலும் இன்று புத்தகத்தில் இருக்கின்றன.

மதுரைக் கிளையில் ஓர் இரண்டாம் மேல்முறையீட்டில் வாதாடப் போகும் சீனியருக்கு இதைப் பற்றிக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. எதை எடுப்பது என்று ஒப்பிட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். கட்சிக்காரர்கள் அடையாளம் தெரியாதபடி ஆண்டுகளையும் அளவுகளையும் மாற்றியிருக்கிறேன். சட்டப் பிரச்சினையை மாற்றவில்லை.

முதலில் வழக்கு. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு துண்டு நஞ்சை. இரண்டும் கணவர் பெயரில் பட்டா. அவருக்கு இரண்டு மனைவிகள். இளையவளைக் கட்டியது 1947-இல், சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுத்த 1949 சட்டத்துக்கு முன்பு, ஆகவே அந்தத் திருமணம் செல்லும். மூத்தவருக்குப் பிள்ளை இல்லை. அவர் தனியாகப் போய்விட்டார். 1953-இல் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஒரு முச்சலிக்கா எழுதி, ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலத்தை மூத்தவரின் ஜீவனாம்சத்துக்கு விட்டுக்கொடுக்க வைத்தார்கள். முச்சலிக்கா பதிவாகவில்லை. 1969-இல் கணவர் பதிவு செய்த உயில் எழுதினார். அந்த ஒரு ஏக்கர் இருபது சென்ட்டையும், தான் 1958-இல் கிரயம் வாங்கிய வேறொரு நாற்பத்திரண்டு சென்ட்டையும் மூத்தவர் ஆயுள்பரியந்தம் அனுபவித்து, பிறகு இளையவளின் மகனுக்குச் சேர வேண்டும் என்று எழுதிவிட்டு 1974-இல் இறந்தார். மூத்தவர் 1992-இல் இரண்டையும் ஒரே கிரயப் பத்திரத்தில் பக்கத்து நிலக்காரருக்கு விற்றார். 2001-இல் அவர் இறந்ததும் இளையவளின் மகன் சுவாதீனம் கேட்டு வழக்குப் போட்டார். முன்சீப் கோர்ட்டில் வழக்குத் தள்ளுபடி. முதல் மேல்முறையீட்டில் சப் கோர்ட் அதைப் புரட்டி, இரண்டு துண்டும் மகனுக்கே என்று டிக்ரி கொடுத்தது. நாங்கள் கிரயதாரருக்காக.

இனித் தீர்ப்புகள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(1) பிரிவு, இந்துப் பெண் வைத்திருக்கும் சொத்து, சட்டத்துக்கு முன்பு வந்ததானாலும் பின்பு வந்ததானாலும், அவளுக்கு முழு உரிமையுள்ள சொத்து என்கிறது. ஜீவனாம்சத்துக்குப் பதிலாகக் கிடைத்ததும் அதில் அடங்கும் என்று அதன் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. 14(2) பிரிவு, உயில், தானப் பத்திரம், டிக்ரி போன்றவற்றால் வரும் சொத்துக்கு அந்தப் பத்திரமே வரம்பு போட்டிருந்தால் அந்த வரம்பு நிற்கும் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதுதான் சண்டை.

1977-இல் துளசம்மா எதிர் சேஷா ரெட்டி வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்தக் கோட்டைப் போட்டார்கள். பெண்ணுக்கு ஏற்கெனவே இருந்த உரிமையை, குறிப்பாக ஜீவனாம்ச உரிமையை, ஒப்புக்கொண்டு கொடுத்த சொத்து என்றால் பத்திரத்தில் எந்த வரம்பு எழுதியிருந்தாலும் 14(1)தான். முன்பு இல்லாத புதிய உரிமையைப் பத்திரமே உண்டாக்கினால்தான் 14(2). அங்கே விதவை ஜீவனாம்ச வழக்குப் போட்டு, டிக்ரி வாங்கி, பிறகு சமரசத்தில் நிலம் பெற்றிருந்தார். உயில் அந்த வழக்கில் இல்லை.

உயிலில்தான் பாதை பிரிகிறது. 2006-இல் சாது சிங் எதிர் குருத்வாரா சாஹிப் நாரிக்கே, (2006) 8 எஸ்.சி.சி. 75. இரண்டு நீதிபதிகள். கணவர் 1968-இல் உயில் எழுதி 1977-இல் இறந்தார், சொத்து அவருடைய சொந்தச் சொத்து. மனைவிக்கு ஆயுள் பாத்தியம் மட்டுமே, 14(2) பொருந்தும் என்றது நீதிமன்றம். 2015 நவம்பரில் ஜுபுடி பார்த்தசாரதி எதிர் பெண்டபாடி ராமகிருஷ்ணா, (2016) 2 எஸ்.சி.சி. 56. இதுவும் இரண்டு நீதிபதிகள். கணவர் 1920-இல் எழுதிய உயிலில் மூன்றாம் மனைவிக்கு ஆயுள் பாத்தியம். மனைவியைக் காப்பது இந்துக் கணவனின் கடமை, அந்தக் கடமைக்காகவே கொடுத்தது என்று கொண்டு, 14(1)-ன்படி முழு உரிமை என்றது.

தலைக்குறிப்பை மட்டும் படித்தால் இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. 2024 டிசம்பரில் தேஜ் பான் எதிர் ராம் கிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதி அமர்வு இந்த முரண்பாட்டை எடுத்துச் சொல்லிப் பெரிய அமர்வு தீர்க்க வேண்டும் என்று அனுப்பியது. குறிப்பின் முதல் பக்கத்திலேயே இது இருக்க வேண்டும். எதிர்த் தரப்பு சொல்லி நீதிபதி கேட்கும் நிலை சீனியருக்கு வரக் கூடாது.

சீனியர் எடுக்கக்கூடிய முதல் வழி ஜுபுடியை அப்படியே பிடித்துக்கொள்வது. பிந்திய தீர்ப்பு, நமக்குச் சாதகம், இரண்டு துண்டும் கிடைக்கும். ஆபீஸில் எல்லோருக்கும் முதலில் பிடித்தது இதுதான். ஆனால் உயர் நீதிமன்றத்தில் இது நிற்காது. சம எண்ணிக்கை அமர்வுகளின் தீர்ப்புகள் மோதினால் உயர் நீதிமன்றம் முந்தியதைத்தான் பின்பற்ற வேண்டும் என்று 2023-இல் லடாக் யூனியன் பிரதேசம் எதிர் ஜம்மு காஷ்மீர் நேஷனல் கான்ஃபரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் வகுத்ததை வைத்தே அப்படிச் சொன்னது. முந்தியது 2006, பிந்தியது 2015. ஜுபுடியை நீட்டிய மறு நிமிடம் எதிர் வக்கீல் இதை நீட்டுவார்.

அதற்கு ஒரு பதில் உண்டு. இரண்டுக்கும் முந்தியது துளசம்மா, அது மூன்று நீதிபதிகளுடையது, ஆகவே துளசம்மாவைப் பின்பற்றியதே சரியான தீர்ப்பு என்று வாதாடலாம். ஆனால் எதிர்த் தரப்பிலும் மூன்று நீதிபதிகள் இருக்கிறார்கள். கர்மி எதிர் அம்ரு, (1972) 4 எஸ்.சி.சி. 86. உயிலில் ஆயுள் பாத்தியம், 14(2) என்று சொன்ன தீர்ப்பு, துளசம்மாவுக்கும் முந்தியது. 1991-இல் தோட்டா சேஷரத்தம்மா வழக்கில், துளசம்மாவுக்குப் பிறகு கர்மியை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது உண்மை. அதைச் சொன்னவர்களும் இரண்டு நீதிபதிகள்தானே என்று நீதிபதி கேட்டால் வாதம் அங்கேயே தடுமாறும். எண்ணிக்கையை வைத்துச் சண்டை போட்டால் அது முடியாத சண்டை, காலை முழுக்க அதிலேயே போய்விடும்.

இரண்டாவது வழி, பெரிய அமர்வு தீர்ப்புச் சொல்லும் வரை ஒத்திவைக்கக் கேட்பது. கிரயதாரர் சுவாதீனத்தில் இருக்கிறார், டிக்ரிக்குத் தடையும் இருக்கிறது, அதனால் அவருக்கு இது சுகமாகத் தெரியும். அதே லடாக் தீர்ப்பு இதையும் மூடிவிட்டது. மேலே நிலுவையில் இருக்கிறது என்பதற்காக உயர் நீதிமன்றம் காத்திருக்கக் கூடாது, உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருந்தாலொழிய இன்று இருக்கும் சட்டப்படி முடிக்க வேண்டும். கேட்டால் மறுப்பார்கள். மறுத்த பிறகு வாதத்தைத் தொடங்கினால், சொந்த வழக்கில் நம்பிக்கை இல்லாமல் வந்தவர் போலத் தெரியும். இந்த வழியைக் குறிப்பில் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை.

மூன்றாவது வழி இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படிப்பது. நான் பரிந்துரைத்தது இதைத்தான். இரண்டையும் முழுசாகப் படித்தால் ஒரு விஷயம் தெரிகிறது. உயில் எழுதியது 1920-இல் என்றால் 1956-இல் அந்தப் பெண் ஏற்கெனவே நிலத்தில் இருக்கிறார். 1977-இல் இறந்தவரின் உயில் என்றால் 1956-இல் மனைவிக்கு அந்த நிலத்தில் எதுவும் இல்லை, கணவர் உயிரோடு இருந்து தானே அனுபவித்து வந்தார். சாது சிங் தீர்ப்பே, சட்டம் வந்த நாளில் பெண்ணுக்குச் சுவாதீனமும், எவ்வளவு குறுகியதானாலும் ஏதோ ஓர் உரிமையும் இருந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி, 17.6.1956 அன்று அந்த நிலத்தில் யார், எந்த உரிமையில் இருந்தார் என்பது. இந்தக் கேள்வியை வைத்தால் எங்கள் வழக்கில் இரண்டு தீர்ப்பும் தனித்தனித் துண்டில் போய் உட்கார்ந்துவிடுகின்றன.

இந்தக் கோடு எல்லாத் தீர்ப்பையும் விளக்கிவிடாது என்பதையும் எழுதினேன். கர்மி வழக்கில் கணவர் 1956-க்கு வெகு முன்பே இறந்துவிட்டார், விதவை சுவாதீனத்தில் இருந்தார், ஆனாலும் 14(2) என்றார்கள். ஆகவே இதை நாட்டுக்கே பொதுவான விதியாகச் சீனியர் முன்வைக்கக் கூடாது. எங்களுக்கு அது தேவையும் இல்லை. ஒரு ஏக்கர் இருபது சென்ட் எங்களுக்கு உயிலால் வரவில்லை. 1953-லேயே ஜீவனாம்சத்துக்கு வந்துவிட்டது. அந்தத் துண்டைப் பொறுத்தவரை இது உயில் வழக்கே கிடையாது, நேரடியாகத் துளசம்மா. கர்மியும் சாது சிங்கும் அதைத் தொடுவதில்லை.

சரி, பதிவாகாத முச்சலிக்காவை வைத்து இதை எப்படி நிலைநாட்டுவது? சப் கோர்ட் அதைப் பதிவில்லை என்ற ஒரே காரணத்தால் ஓரமாக வைத்துவிட்டது. இங்கேதான் உயிலை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டியிருந்தது. உயில் வாதி தரப்பே தாக்கல் செய்த ஆவணம், வா.சா.ஆ.1. அதில் முதல் துண்டைப் பற்றி, "அவள் அன்னவஸ்திரத்துக்காக முன்னமே விட்டுக்கொடுத்து அவள் அனுபோகத்தில் இருந்துவரும்" நிலம் என்று வருகிறது. இரண்டாம் துண்டைப் பற்றி "நான் கிரயம் பெற்று என் அனுபோகத்தில் இருந்துவரும்" நிலம் என்று வருகிறது. பிறகு இரண்டையும் சேர்த்து "ஆயுள்பரியந்தம் எவ்வித பராதீனமும் செய்ய அதிகாரமில்லாமல்" என்ற ஒரே வாக்கியம். இரண்டு கோர்ட்டும் அந்தக் கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டன. முன்னால் இருந்த இரண்டு வாசகங்களும் நிலங்களைப் பிரித்துக் காட்டுகின்றன. எழுதியவர் கணவர், மகன் உரிமை கேட்பது அவர் வழியாகத்தான், ஆகவே கணவரின் இந்த ஒப்புதல் மகனைக் கட்டும். முச்சலிக்காவை நிரூபித்து ஆக வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

அதற்குத் துணை கிராமக் கணக்கு. 1956 ஜூன் 17 என்பது பசலி 1365 முடியும் நேரம். பசலி ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். பசலி 1365, 1366 அடங்கல்களில் பிசான சாகுபடி மூத்தவர் பெயரில் இருக்கிறது. பட்டா கணவர் பெயரில் இருப்பதைக் காட்டி எதிர்த் தரப்பு பேசும். பட்டாவை வைத்து 14-வது பிரிவு ஓடவில்லை, சுவாதீனத்தை வைத்துத்தான் ஓடுகிறது. கணவர் உயிரோடு இருக்கும்போது மனைவிக்குத் தனி ஜீவனாம்ச உரிமை எங்கிருந்து வந்தது என்று நீதிபதி கேட்கலாம். கணவன் மறுமணம் செய்தால் மனைவி தனியே வாழ்ந்து ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டமே கொடுத்திருந்தது. மறுமணம் 1947, நிலம் கொடுத்தது 1953. ஏற்கெனவே இருந்த உரிமை என்று துளசம்மா சொன்னதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

இந்த வழிக்கும் ஒரு விலை இருக்கிறது. குறிப்பில் நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான். முதல் துண்டு 1956-லேயே மூத்தவருக்கு முழுச் சொந்தமாகிவிட்டது என்றால், 1969-இல் கணவர் தனக்கு இல்லாத நிலத்தை மகனுக்கு எழுதிவைத்திருக்கிறார். அதே உயிலில் மூத்தவருக்கு இரண்டாம் துண்டில் ஆயுள் பாத்தியமும் கொடுத்திருக்கிறார். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 180-வது பிரிவு இந்த நிலைமைக்கென்றே இருக்கிறது. உயிலை ஏற்றுத் தன் நிலத்தை விட வேண்டும், அல்லது தன் நிலத்தை வைத்துக்கொண்டு உயில் கொடுத்த நன்மையை விட வேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. மூத்தவர் 1974 முதல் இரண்டாம் துண்டை அனுபவித்திருக்கிறார். இரண்டு ஆண்டு மறுப்பில்லாமல் அனுபவித்தாலே, விஷயம் தெரிந்துதான் உயிலை ஏற்றார் என்று அனுமானிக்க 188-வது பிரிவில் இடமுண்டு. கூர்மையான எதிர் வக்கீல் இதைப் பிடித்தால் நம்முடைய பலமான துண்டையே கேட்பார்.

பதில் இப்படி எழுதினேன். மகன் இதைப் பிராதில் சொல்லவில்லை, இஷ்யூ போடவில்லை, மூத்தவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று ஒரு சாட்சியையும் கேட்கவில்லை. அந்த அனுமானம் எதிர்ச் சாட்சியம் இல்லாதபோதுதான், எதிர்ச் சாட்சியம் வைக்கும் வாய்ப்பே நமக்குத் தரப்படவில்லை. உண்மை விவரத்தைச் சார்ந்த வாதத்தை இரண்டாம் மேல்முறையீட்டில் முதன்முதலாகக் கிளப்ப முடியாது. இதை நாமாக எழுப்ப வேண்டாம். எழுந்தால் சொல்ல வேண்டிய நான்கு வரியை மட்டும் கடைசிப் பக்கத்தில் தனியாக வைத்தேன்.

இதனால்தான் இரண்டாம் துண்டில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதும் முக்கியமாகிறது. நாற்பத்திரண்டு சென்ட் 1974-இல் உயிலால்தான் வந்தது, உயிலில் அதற்கு ஜீவனாம்சப் பேச்சே இல்லை, சாது சிங் விவரங்களோடு அப்படியே ஒத்துப்போகிறது. இங்கே மட்டும்தான் ஜுபுடி நமக்குத் தேவைப்படுகிறது. என் கருத்து, இதை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம், முன்னே வைக்கவும் வேண்டாம். முதல் துண்டை முழுசாக வாதாடி முடித்த பிறகு, கணவனின் ஜீவனாம்சக் கடமையை உயிலில் வார்த்தை இல்லாமலும் அனுமானிக்கலாம் என்ற ஜுபுடியின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லி, சாது சிங்கையும் தேஜ் பான் உத்தரவையும் நாமே கொடுத்து, தீர்ப்பில் வாதத்தைப் பதியச் செய்தால் போதும். மேலே போக வேண்டி வந்தால் அந்தப் பதிவு வேண்டும். தனி நீதிபதியின் தீர்ப்பு என்பதால் அரசியலமைப்பின் 133-வது பிரிவுச் சான்றிதழ் கேட்க வழியில்லை, 136-இன் கீழ்ச் சிறப்பு அனுமதி மனுதான்.

குறிப்பைப் படித்துவிட்டுச் சீனியர் கேட்டது ஒரே கேள்வி. "அட்மிஷன்ல ஃப்ரேம் பண்ணுன கேள்வியில இந்தப் பிரிவினை இருக்கா தம்பி?" இல்லை. உயிலில் ஆயுள் பாத்தியம் பெற்ற விதவைக்கு 14(1) பொருந்துமா என்ற ஒரே கேள்விதான் இருந்தது. அந்தக் கேள்விக்குள் நின்று வாதாடினால் முதல் துண்டும் உயில் சொத்தாகவே பார்க்கப்படும். சிவில் நடைமுறைச் சட்டம் 100(5)-இன் காப்புரை, காரணம் பதிந்து கூடுதல் கேள்வியை எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. அதற்கான கேள்வியை எழுதி, எதிர் வக்கீலுக்கு முன்கூட்டியே பிரதி கொடுத்துவிட்டுத்தான் வாதத்துக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. எழுதியது இது: கணவர் 1956-க்கு முன்பே ஜீவனாம்சத்துக்கு விட்டுக்கொடுத்ததாக உயிலிலேயே ஒப்புக்கொண்ட நிலத்துக்கு, அதே உயிலின் வரம்பை வைத்து 14(2)-ஐப் பொருத்தியது சரியா?

குறிப்பு மொத்தம் மூன்று பக்கம். முதல் பக்கத்தில் விடையும் இரண்டு துண்டின் சர்வே எண்களும், இரண்டாவதில் உயில் வாசகமும் அடங்கலும் டைப் செட் பக்க எண்களோடு, மூன்றாவதில் நீதிபதி கேட்கக்கூடிய கேள்விகள். தீர்ப்புகளில் துளசம்மா, சாது சிங், ஜுபுடி, லடாக் நான்கையும் தேஜ் பான் உத்தரவையும் மட்டும் நகலாக வைத்தோம். கேட்கும் நிவாரணத்தையும் பிரித்து எழுதினோம்: சப் கோர்ட் டிக்ரியை முழுவதும் ரத்து செய்ய வேண்டும், அது இயலாவிட்டால் முதல் துண்டின் சர்வே எண்ணைப் பொறுத்தாவது ரத்து செய்து, அந்த அளவுக்கு முன்சீப் கோர்ட் தீர்ப்பை நிலைநிறுத்த வேண்டும். 1992 கிரயப் பத்திரத்தில் இரண்டு துண்டுக்கும் தனித்தனி நான்குமால் இருப்பதால், டிக்ரியைப் பிரிப்பதில் சிக்கல் வராது.